கண்ணுக்குக் கெட்டி, கணக்குக்கு நீர்: வீட்டு மாம்பழ ஜாம் ஏன் கெடுகிறது?

ஆனி பிறந்தால் இங்கே வடமாலபேட்டை, புத்தூர், நகரிப் பக்கச் சாலைகளில் எதைப் பார்ப்போம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கிளிமூக்கு மாங்காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் கூழ் ஆலைகளின் வாசலில் வரிசை கட்டி நிற்கும். பெங்களூரா என்றும் தோத்தாபுரி என்றும் பெயர் பெற்ற இந்த மாம்பழம்தான் பழைய சித்தூர் மாவட்டம் முழுவதும் ஆலைக்குப் போகும் முக்கியமான பழம். 2025-ல் விலை சரிந்தபோது கிலோவுக்கு ஆலைகள் 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 ரூபாய் என்று ஆந்திர அரசு ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. அப்படி விலை விழும் ஆண்டுகளில் வீட்டுக்கு வீடு ஜாம் கிளறுவது வழக்கம். ஆவணி முடிவதற்குள் அந்த பாட்டில்களில் பாதி பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போவதும் வழக்கமாகிவிட்டது. அது ஏன் நடக்கிறது என்பதுதான் இன்றைய பேச்சு. என் வாதம் இதுதான்: மாம்பழ ஜாம் கெடுவது கைப்பக்குவம் போதாததால் அல்ல, கண்ணை நம்புவதால். மற்றப் பழங்களைவிட மாம்பழம் கண்ணை அதிகமாக ஏமாற்றும். கெட்டியாகத் தெரிவது ஒன்று, கெடாமல் இருப்பது வேறொன்று. இந்த இரண்டையும் பிரித்துக் காட்டக்கூடிய கருவி வீட்டில் ஒன்றே ஒன்றுதான் உண்டு, அது தராசு.

ஜாமில் சர்க்கரை செய்யும் வேலை இனிப்பது மட்டும் அல்ல. பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் பூசணமும் வாழத் தண்ணீர் வேண்டும். ஆனால் பண்டத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைவிட, அதில் எவ்வளவு தண்ணீர் அவற்றுக்குக் கிடைக்கும்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம். 1950-களில் ஆஸ்திரேலியாவில் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் என்ற நுண்ணுயிரியலாளர் இதை அளவிட்டுக் காட்டினார். இன்று அதை நீர்ச்செயல்பாடு என்கிறோம். சுத்தமான தண்ணீருக்கு அது 1. சர்க்கரை தண்ணீரைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொள்வதால் அந்த எண் இறங்கும். 0.91-க்குக் கீழே போனால் உணவைக் கெடுக்கும் பெரும்பாலான பாக்டீரியாக்கள் வளர்வதில்லை. நூற்றுக்கு 65 பங்கு கரைந்த திடப்பொருள் உள்ள ஜாமில் அது 0.85-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி ஜாமில் குறைந்தது 65 சதவீதம் கரைந்த திடப்பொருள் இருக்க வேண்டும் என்று கேட்பது இதனால்தான். இது சுவைக்காக விதித்த எண் அல்ல. ஆனால் அந்த 0.85 இன்னொன்றையும் சொல்கிறது. பூசணங்களில் பல 0.80 வரைக்கும், சில அதற்குக் கீழேயும் வளரக்கூடியவை. ஆகவே சர்க்கரை எவ்வளவு சரியாக இருந்தாலும் அது பூசணத்தை முழுவதும் தடுக்காது. அதைத் தடுப்பது மூடியின் வேலை. இதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

இப்போது மாம்பழத்தின் ஏமாற்று வேலைக்கு வருவோம். திராட்சை, ஆப்பிள் போன்ற பழங்களில் சாறு அதிகம். கொதிக்கும்போது நீர்த்து ஓடும் சாறு, தண்ணீர் போதுமான அளவு வற்றிய பிறகுதான் இறுகும். அவற்றில் தட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கும் சோதனை ஓரளவுக்கு உண்மை பேசும். மாம்பழக் கூழ் அப்படி அல்ல. அதில் நாரும் சதையும் நிறைந்து கிடக்கின்றன. பாதி தண்ணீர் வற்றும்போதே கரண்டியில் ஒட்டிக்கொண்டு விழ மறுக்கும், தட்டில் விட்டால் ஓடாமல் நிற்கும், அடுப்பில் குமிழி வெடித்துக் கையில் தெறிக்கும். பார்க்கிறவர்கள் பதம் வந்துவிட்டது என்று இறக்கிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் கரைந்த திடப்பொருள் 55 சதவீதம்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாம் போலவே இருக்கும், ஜாம் போலவே ருசிக்கும், ஆனால் ஈஸ்ட்டுக்கு அது விருந்து. மூன்று வாரம் கழித்து மூடியைத் திறந்தால் நுரை தெரியும், கள் வாடை அடிக்கும். காரணம் புரியாமல், பழம் சரியில்லை, பாட்டில் சரியில்லை என்று நாம் எதையெதையோ குறை சொல்கிறோம்.

ஒரு கிலோ கூழை வைத்து இந்தக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். தோலும் கொட்டையும் நீக்கி வடிகட்டிய பழுத்த கிளிமூக்குக் கூழில் நூற்றுக்குச் சுமார் 15 பங்கு கரைந்த திடப்பொருள் இருக்கும், பெரும்பகுதி பழத்தின் சொந்தச் சர்க்கரை. ஆக ஒரு கிலோவில் 150 கிராம். நாம் சேர்ப்பது 750 கிராம் சர்க்கரை. மொத்தத் திடப்பொருள் 900 கிராம். இந்த 900 கிராம், முடிவில் நிற்கும் ஜாமின் எடையில் 68 சதவீதமாக இருக்க வேண்டுமென்றால் ஜாமின் எடை 1,320 கிராம் அளவுக்கு வர வேண்டும். தொடக்கத்தில் பாத்திரத்தில் இருந்தது 1,750 கிராம். எனவே ஏறக்குறைய 430 கிராம் தண்ணீர் ஆவியாகப் போக வேண்டும். இவ்வளவுதான் விஷயம். அடுப்பில் ஏற்றும் முன் வெறும் பாத்திரத்தைக் கரண்டியோடு எடை போட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள். அந்த எடை 900 கிராம் என்றால், பாத்திரத்தோடு சேர்த்து 2,220 கிராமுக்கு வரும்வரை கிளற வேண்டும். சூடான பாத்திரம் தராசைக் கெடுக்காமல் இருக்க ஒரு மரப்பலகையைத் தராசின்மேல் வைத்து, அந்த நிலையில் எண்ணைப் பூஜ்யம் ஆக்கிக்கொள்ளுங்கள். அடுப்பிலிருந்து இறக்குவது, வைப்பது, படிப்பது, திரும்ப ஏற்றுவது, எல்லாம் சேர்த்து அரை நிமிட வேலை.

கூழில் 15 பங்கு என்பது எங்கள் பழத்துக்குப் பொருந்துமா, மழைக்காலத்துப் பழத்தில் 13-தானே இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 13 என்றே வைப்போம். மொத்தத் திடப்பொருள் 880 கிராம். அதே 1,320 கிராமில் நிறுத்தினால் 66 சதவீதத்துக்கு மேல் இருக்கும், கோட்டுக்கு மேலேதான். 17 என்று வைத்தால் 920 கிராம், கிட்டத்தட்ட 70 சதவீதம். அதிலும் ஆபத்தில்லை. பழத்தின் இனிப்பில் வரும் ஏற்ற இறக்கத்தை, நாம் அளந்து போட்ட 750 கிராம் சர்க்கரை அமுக்கிவிடுகிறது. எடை முறையின் பலம் இதுதான். கண் செய்யும் தவறு 10 சதவீதம் வரை போகும், தராசில் வருவது ஓரிரண்டு சதவீதம். இதே கணக்கு மறுபக்கத்தையும் காக்கிறது. 1,250 கிராமுக்குக் கீழே போகும்வரை வற்றவிட்டால் 72 சதவீதத்தைத் தாண்டும், ஆறிய பிறகு சர்க்கரை கற்கண்டு போல நறநறவென்று படிய வாய்ப்பு உண்டு. அப்படியானால் குறைந்த எடைக்குச் சமமான வெந்நீரை ஊற்றி ஒரு கொதி விட்டால் சரியாகிவிடும்.

வெப்பமானி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. புத்தகங்களில் 105 டிகிரி என்று இருக்கும். அது கடல் மட்டத்துக்குச் சொன்னது. உண்மையான விதி, தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலைக்கு மேல் நாலரை முதல் 5 டிகிரி என்பதே. வடமாலபேட்டையும் திருப்பதியும் தாழ்வான ஊர்கள், இங்கே 105 என்பது ஏறத்தாழச் சரி. ஆனால் இங்கிருந்து பெண்ணைக் கட்டிக்கொடுத்த மதனப்பள்ளி சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 98 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே கொதித்துவிடும், ஆகவே ஜாமின் பதம் 102, 103-ல் வந்துவிடும். அம்மா சொன்ன 105-ஐ மகள் அங்கே எட்டிப் பிடிக்கப் பார்த்தால் ஜாம் பாகாகி இறுகிப்போகும். முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெப்பமானியைப் படித்துவிட்டு அதன் பிறகு கூட்டுங்கள். தராசுக்கு இந்த மேடு பள்ளமெல்லாம் கிடையாது.

அடுத்தது புளிப்பு. கிளிமூக்கைக் காயாக இருக்கும்போது கடித்தவர்களுக்கு அதன் புளிப்பு தெரியும். பழுத்த பிறகு அந்தப் புளிப்பு வெகுவாக இறங்கிவிடுகிறது. பி.எச். என்ற அளவில் சொன்னால் நன்கு பழுத்த கிளிமூக்கு 4-ஐ ஒட்டி நிற்கும். பங்கனபள்ளி அதைவிடவும் புளிப்புக் குறைந்தது. அந்த எண் ஏறஏறப் புளிப்புக் குறைகிறது என்று பொருள். ஜாம் இறுகுவதற்குப் பழத்தில் உள்ள பெக்டின் என்ற பொருள் வலை பின்ன வேண்டும். சர்க்கரையும் 3.2-ஐ ஒட்டிய புளிப்பும் இருந்தால்தான் அது நன்றாகப் பின்னும். அதற்கு ஒரு கிலோ கூழுக்கு 5 கிராம் சிட்ரிக் அமிலம், அதாவது மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவது, வழித்த ஒரு தேக்கரண்டி. எலுமிச்சம்பழம்தான் வேண்டும் என்றால் அதே புளிப்புக்குச் சுமார் 100 மில்லி சாறு, நாலைந்து பழம் பிடிக்கும். அந்தச் சாற்றின் தண்ணீரும் வற்ற வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. இறுதி எடை என்னவோ 1,320-தான். சர்க்கரை கரைந்து நன்றாகக் கொதி வந்த பிறகு, பாதி வற்றும் சமயத்தில் இதைச் சேர்ப்பது நல்லது. முதலிலேயே போட்டு நெடுநேரம் கொதிக்கவிட்டால் பெக்டின் அறுந்து ஜாம் தளர்ந்துபோகும். கடைசியில் போட்டால் இன்னொரு நன்மை கைநழுவும். புளிப்போடு கொதிக்கும்போது சர்க்கரையில் ஒரு பகுதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் பிரிகிறது. அந்தக் கலவை எளிதில் படிகமாகாது, தண்ணீரையும் இன்னும் இறுக்கிப் பிடிக்கும்.

புளிப்புக்கு இதைவிடக் கனமான ஒரு பொறுப்பு உண்டு. காற்றே இல்லாத இடத்தில் மட்டும் வளரும் ஒரு பாக்டீரியா இருக்கிறது, பெயர் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம். அதன் வித்துகள் மண்ணில் உண்டு, சாதாரணக் கொதியில் சாகாது. அது உண்டாக்கும் நஞ்சு நரம்புகளை முடக்கும். ஆனால் பி.எச். 4.6-க்குக் கீழே இருந்தால் அது வளர முடியாது, நீர்ச்செயல்பாடு 0.94-க்குக் கீழே இருந்தாலும் வளர முடியாது. சரியாகச் செய்த ஜாமில் சர்க்கரை ஒரு பூட்டு, புளிப்பு இரண்டாவது பூட்டு. ஆகவே ஜாமால் இந்த நோய் வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது வேறொரு இடத்தில். பப்பாளியும் வாழையும் 4.6-க்கு மேலே இருக்கும் பழங்கள். அவற்றில், உடம்புக்கு நல்லது என்று சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, புளிப்பும் சேர்க்காமல், காற்றுப் புகாமல் மூடி, அலமாரியில் வைத்தால் என்ன நடக்கிறது? இரண்டு பூட்டையும் கழற்றிவிட்டு, காற்றில்லாத அறையையும் கட்டிக் கொடுத்துவிட்டோம். மூடி இறுக்கமாக இருப்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. சர்க்கரையும் புளிப்பும் இல்லாத இடத்தில் இறுக்கமான மூடி தீங்கைக் கூட்டத்தான் செய்யும். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். காரணம், அந்த நஞ்சு கண்ணுக்கோ மூக்குக்கோ நாக்குக்கோ தெரியாமலே இருக்கலாம்.

இந்த இடத்தில், சர்க்கரை நோய் உள்ள வீட்டில் முக்கால் கிலோ சர்க்கரையை எப்படிக் கொட்டுவது என்ற கேள்வி எழும். அது உண்மையான கவலை, தள்ளிவிட முடியாது. குறைத்துச் செய்யுங்கள், தடையில்லை. ஆனால் அதை ஜாம் என்று எண்ணி அலமாரியில் வைக்காதீர்கள். அது சமைத்த பழம். ஃப்ரிட்ஜில் வைத்து ஓரிரு வாரத்துக்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சின்னச் சின்ன டப்பாக்களில் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வெல்லம் போடலாமே என்பவர்களும் உண்டு. சித்தூர் வெல்லச் சந்தை பெயர் பெற்றதாயிற்றே. போடலாம், ஆனால் கணக்கு மாறும். வெல்லத்தில் ஈரம் இருக்கிறது, பாகைத் தெளிவிக்கச் சேர்த்த சுண்ணாம்பின் தன்மையும் இருக்கிறது. அது பழத்தின் புளிப்பை மழுக்கிவிடும். எனவே வெல்லத்தின் எடையைச் சற்றுக் கூட்டி, எலுமிச்சை உப்பையும் கூட்டி, மருந்துக் கடையிலோ ஆய்வகச் சாமான் கடையிலோ கிடைக்கும் பி.எச். தாளில் தொட்டுப் பார்த்து மூன்றரைக்குக் கீழே வந்ததா என்று உறுதி செய்தே மூட வேண்டும்.

நம் பாட்டிமார்கள் இந்தக் கணக்கெல்லாம் போட்டார்களா என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். போட்டார்கள், படியாலும் கைப்பிடியாலும் போட்டார்கள். ஆவக்காய்க்கு உப்பும் காரமும் கடுகும் எத்தனைக்கு எத்தனை என்று ஆந்திர வீடுகளில் இன்றும் அளந்துதான் போடுகிறார்கள், மேலே எண்ணெய் நிற்கிறதா என்றும் பார்க்கிறார்கள். மாம்பழத் தாண்டிராவைப் பாயில் ஊற்றி, ஒரு அடுக்கு காய்ந்த பிறகே அடுத்த அடுக்கு ஊற்றி, நாள்கணக்கில் வெயிலில் உலர்த்துகிறார்கள். அங்கே தண்ணீரைப் பறிப்பது உப்பு, எண்ணெய் காற்றை மறிக்கிறது, வெயில் ஈரத்தை எடுக்கிறது. ஜாம் இந்த மண்ணுக்குப் பின்னால் வந்த பண்டம். அதற்கு உப்பும் இல்லை, எண்ணெயும் இல்லை, வெயிலும் இல்லை. பாட்டியின் கை அறிவை அதற்கு அப்படியே மாற்றிக் கொடுக்க முடியாது. அவர்கள் அளந்து செய்தார்கள் என்பதைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இனி மூடி. பூசணம் எங்கே தொடங்குகிறது என்று கூர்ந்து பார்த்தால் காரணம் தானே தெரியும். எப்போதும் மேற்பரப்பில், பெரும்பாலும் ஓரத்தில், சின்ன வட்டமாக. ஏன்? அரைகுறையாக ஆறிய ஜாமை பாட்டிலில் போட்டு மூடுகிறோம். மேலே வெற்றிடம் நிறைய விடுகிறோம். ஆவி மூடியின் உள்பக்கம் முத்துமுத்தாகத் துளிர்த்து மறுபடி ஜாமின்மேல் சொட்டுகிறது. சொட்டிய இடத்தில் மட்டும் ஒரு மெல்லிய சர்க்கரைத் தண்ணீர்ப் படலம். அடியில் 68 சதவீதம் இருந்தாலும் அந்தப் படலத்தில் 40 கூட இருக்காது. ஆறும்போது காற்றோடு உள்ளே விழுந்த பூசண வித்து அங்கேதான் முளைக்கிறது. இதற்கு மருந்து, ஜாமை 85 டிகிரிக்குக் கீழே ஆறவிடாமல், கொதிநீரில் 10 நிமிடம் கிடந்து இன்னும் சூடாக இருக்கும் பாட்டிலில் ஊற்றுவது. வாயிலிருந்து அரை விரற்கடைக்கும் குறைவாக, கால் அங்குலம் மட்டும் இடம் விட வேண்டும். விளிம்பில் ஒட்டியதைச் சுத்தமான ஈரத்துணியால் துடைக்க வேண்டும். அங்கே ஒரு இழை நார் ஒட்டியிருந்தாலும் மூடி படியாது. மேலே சொன்ன 1,320 கிராம் ஜாம் ஏறக்குறைய ஒரு லிட்டர் கொள்ளளவு வரும். 250 மில்லி பாட்டில் நாலு எடுத்து வைத்தால் சரியாக இருக்கும்.

மூடிய பிறகும் வேலை முடியவில்லை. அடியில் துணி விரித்த அகலமான பாத்திரத்தில் பாட்டில்களை நிறுத்தி, மூடிக்கு மேல் ஒரு அங்குலம் தண்ணீர் நிற்கும்படி வெந்நீர் ஊற்றி, நன்றாகக் கொதி வந்ததிலிருந்து 10 நிமிடம் வைக்க வேண்டும். இந்த 10 நிமிடம் இங்கேயும் போதும், மதனப்பள்ளி உயரத்துக்கும் போதும். எடுத்துக் கட்டை மேலோ துணி மேலோ வைத்து ஒரு நாள் தொடாமல் விடுங்கள். ஆறும்போது உள்ளே காற்று சுருங்கி மூடியின் நடுப்பகுதி டக்கென்று உள்ளே குழியும். மறுநாள் விரலால் அழுத்திப் பாருங்கள். அசையாமல் குழிந்தே இருந்தால் மூடியிருக்கிறது. அழுத்தினால் இறங்கி, விட்டால் எழும்பினால் மூடவில்லை, அந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து முதலில் சாப்பிடுங்கள். பழைய பாட்டிலை எத்தனை முறையும் பயன்படுத்தலாம், பழைய மூடியை அப்படி நம்பக் கூடாது. அதன் உள்வளையத்தில் முன்பு பதிந்த தடம் இருக்கும், புதிய விளிம்பு அதில் சரியாக உட்காராது. ஒரு காலத்தில் மேலே உருக்கிய மெழுகை ஊற்றி மூடினார்கள். மெழுகு ஆறும்போது சுருங்கி ஓரத்தில் ஊசித்துளை விடும் என்பதால் அந்த முறையை இன்று யாரும் பரிந்துரைப்பதில்லை.

கடைசியாக ஒரு ஆட்சேபம். மேலே பிடித்த பூசணத்தை மட்டும் வழித்து எறிந்துவிட்டு அடியில் உள்ளதைச் சாப்பிட்டால் என்ன, இத்தனை பழமும் சர்க்கரையும் வீணாகுமே என்று மனசு அடித்துக்கொள்ளும். பழம் விலைபோகாமல் தவித்த வீட்டில் அந்த மனசு இன்னும் கூடுதலாக அடித்துக்கொள்ளும். ஆனால் நாம் பார்க்கும் பச்சையும் வெள்ளையும் பூசணத்தின் மேல் பகுதிதான். அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் கீழே இறங்கியிருக்கும், சில பூசணங்கள் விடும் நஞ்சு அதையும் தாண்டிக் கசிந்திருக்கும், மறுபடி கொதிக்கவைத்தாலும் அது முழுதாக அழியாது. நுரை, கள் வாடை, உப்பிய மூடி, பூசணம், இவற்றில் எதைக் கண்டாலும் முழு பாட்டிலையும் கொட்டிவிட வேண்டும். நிறம் கருத்துப்போவதும், ஓரத்தில் கொஞ்சம் நீர் கசிவதும் கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. முதலாவது நாள்பட்டதால் வருவது, இரண்டாவது பெரும்பாலும் புளிப்பு மிகுந்ததால் வருவது.

இந்த ஆனியில் கூழ் எடுக்க உட்காரும்போது அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தராசை வையுங்கள். வெறும் பாத்திரத்தின் எடையையும், இறக்க வேண்டிய எடையையும் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வையுங்கள். 250 மில்லிக்கு மேல் பெரிய பாட்டில் எடுக்காதீர்கள். ஒன்றைத் திறந்தால் ஃப்ரிட்ஜில் வைத்து, உலர்ந்த கரண்டி போட்டு, ஒரு மாதத்துக்குள் முடித்துவிட்டு அடுத்ததைத் திறங்கள்.